பால் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு பக்கச் செய்தி

கேள்வி: பண்ருட்டி பக்கம் எங்க ஊர் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கம் 2001 பிப்ரவரியில் பதிவானது. வெள்ளி விழா மலரில் சங்கத்தின் சார்பில் ஒரு பக்கத்துக்கு ஒரு செய்தி போடணும். ஆரம்பிச்சவங்களையும் இப்ப இருக்கிற உறுப்பினர்களையும் கௌரவிக்கிற மாதிரி எழுதுன்னு என்கிட்ட கொடுத்துட்டாங்க. முதல் நாள் கோயில் மண்டபத்தில் 11 பேர் 38 லிட்டர் ஊத்தினாங்க, இப்ப 140 பேர் 900 லிட்டர், சொந்தக் கட்டடம் இருக்கு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். எப்படி எழுதறது? மாதிரி ஒண்ணு தர முடியுமா?

பதில்:

மாதிரி தருகிறேன். அதற்கு முன் சங்க அலுவலக பீரோவைத் திறக்கச் சொல்லி அரை நாள் அங்கே உட்காருங்கள். பால்வளத் துறையில் விரிவாக்க அலுவலராக இருந்தவன் என்பதால் இப்படிப்பட்ட மலர்கள் நிறையப் படித்திருக்கிறேன். பாதிக்கு மேல் ஊர்ப் பெயரை மாற்றிவிட்டால் எந்தச் சங்கத்துக்கும் பொருந்தும். சிறு விதை ஆலமரம் ஆனது, விழுதுகள் தாங்குகின்றன, இப்படியே போகும். படிக்கிறவர் தன் மாமனார் பெயரையோ தான் பார்த்த ஒரு சம்பவத்தையோ தேடுவார். அது இல்லையென்றால் அடுத்த பக்கத்து விளம்பரத்துக்குப் போய்விடுவார்.

முதலில் "ஆரம்பித்தவர்கள்" யார் என்று முடிவு செய்யுங்கள். நீங்கள் சொல்லும் 11 பேர் முதல் நாள் பால் ஊற்றியவர்கள். சங்கம் பதிவாக வேண்டுமென்றால் குறைந்தது 25 பேர் மனுவில் கையெழுத்துப் போட்டு, பங்குத்தொகையும் நுழைவுக் கட்டணமும் கட்டியிருக்க வேண்டும். ஆகவே கையெழுத்துப் போட்டவர்கள் ஒரு பட்டியல், முதல் நாள் ஊற்றியவர்கள் இன்னொரு பட்டியல். இரண்டும் ஒன்றாக இருக்காது. கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் "முதலில் நடக்கட்டும், பார்க்கலாம்" என்று பால் தூக்கை வீட்டிலேயே வைத்திருப்பார்கள். அது இயல்புதான். அதுவரை ஊருக்கு வந்துகொண்டிருந்த பால்காரர் முன்பணம் கொடுத்திருப்பார், அவரை ஒரே நாளில் விட முடியாது. மறுபக்கம், மனுவில் பெயரே இல்லாத ஒருவர் முதல் நாள் இரண்டு லிட்டரோடு வந்து நின்றிருக்கவும் கூடும். இரண்டு பட்டியலையும் எடுத்து, இரண்டையும் நிறுவனர்கள் என்றே வையுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் விழா முடிந்த மறுநாள் காலை பால் ஊற்றும் வரிசையிலேயே பஞ்சாயத்து நடக்கும்.

மனுவில் இருந்த பெயர்கள் பதிவுக் கோப்பில் கிடைக்கும். அந்தக் கோப்பு சங்கத்தில் இல்லையென்றால் துணைப் பதிவாளர் (பால்வளம்) அலுவலகத்தில் கேட்கலாம். அமைப்புக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துகளும் கைநாட்டுகளும் இருக்கும். முதல் நாள் ஊற்றியவர்கள் விவரம் பால் கொள்முதல் பதிவேட்டில் இருக்க வேண்டும். 25 வருடத்துப் பதிவேடு செல்லரித்துப் போயிருந்தால் உறுப்பினர் பதிவேட்டைப் பாருங்கள். அதில் உறுப்பினர் எண் 1 முதல் வரிசையாக, சேர்ந்த தேதியோடு இருக்கும்.

அந்தப் பதிவேட்டைப் படிக்கும்போது ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். பெயர் கணவருடையதாக இருக்கும். மாடு கறந்து, தூக்கைக் கொண்டுவந்து, மாதிரிக்குக் கொடுத்து, அட்டையில் அளவைக் குறித்து வாங்கிப்போனவர் மனைவியாகவோ மருமகளாகவோ இருப்பார். நம் பக்கத்து ஊர்களில் இது சகஜம். எண் 7 என்று ஒரு ஆண் பெயர் இருக்கும், எண் 7-ன் அட்டையோடு வந்தவரை ஊரே அறியும். பதிவேட்டில் உள்ளபடி மட்டும் அச்சடித்தால் சங்கத்தை உண்மையில் நடத்தியவர்களில் பாதிப் பேர் மலரில் இல்லாமல் போய்விடுவார்கள். பழைய செயலாளரோ பரிசோதகரோ இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் "பால் கொண்டுவந்தது யார்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பெயரையும் சேர்த்தே போடுங்கள்.

அதே பதிவேட்டில் வாரிசு நியமனம் என்று ஒரு பகுதி இருக்கும். உறுப்பினர் இறந்த பிறகு பங்கு யார் பெயருக்கு மாறியது என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் செய்திக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. நிறுவனர்களையும் இன்றைய உறுப்பினர்களையும் எப்படி இணைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். எண் 4-ன் பங்கு இன்று மகள் பெயரிலோ மருமகள் பெயரிலோ இருந்தால் இணைப்பு ஏற்கனவே நடந்துவிட்டது. அப்படி எத்தனை பங்குகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது நாள். அமைப்புக் கூட்டம் நடந்த நாள், பதிவான நாள், பால் எடுக்கத் தொடங்கிய நாள் என்று மூன்று இருக்கும். மூன்றுக்கும் நடுவே சில வாரங்கள், சில ஊர்களில் சில மாதங்கள்கூட ஓடியிருக்கும். சங்கம் சட்டப்படி பிறந்தது பதிவு நாளில்தான். வெள்ளி விழாக் கணக்குக்கு அதையே வையுங்கள். 2001 பிப்ரவரியில் பதிவு என்றால் 25 ஆண்டு நிறைவது 2026 பிப்ரவரியில். அதற்கு முன் விழா எடுத்தால் "25-ஆம் ஆண்டில்" என்று எழுதுங்கள், பின் என்றால் "25 ஆண்டு நிறைந்து". அழைப்பிதழில் ஒன்று, மலரில் ஒன்று, கல்வெட்டில் ஒன்று என்று நான் பார்த்த சங்கங்கள் உண்டு. கல்வெட்டைத் திருத்துவது எவ்வளவு வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் சங்கத்துக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கும். பதிவானது 2001 பிப்ரவரி. அதே ஆண்டில் மாநிலம் முழுவதும் கூட்டுறவுச் சங்கங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்கள் போய் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். 2007-ல் நடந்த தேர்தல் தகராறில் முடிந்தது. பிறகு முழுமையாகத் தேர்தல் நடந்தது 2013-ல்தான், அதன்பின் 2018-ல். ஆகவே "முன்னாள் தலைவர்கள்" படப் பக்கம் போட்டால் முதல் தலைவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே பல வருடங்கள் வெற்றிடமாக நிற்கும். அதை மறைக்க யார் பெயரையாவது போட வேண்டாம். அந்த வருடங்களில் தலைவர் இல்லை, ஆனால் காலையும் மாலையும் சங்கம் திறந்தது, பால் பணம் பட்டுவாடா ஆனது. அப்படியானால் நடத்தியவர்கள் செயலாளரும் அளவையாளரும் பரிசோதகரும் ஊற்றிய உறுப்பினர்களும்தான். செய்தியில் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். யார் ஆட்சி, யார் கலைத்தார் என்பது மலருக்கு வேண்டாத பேச்சு.

பரிசோதகர் பற்றி ஒரு வார்த்தை. இன்று பாலை இயந்திரத்தில் வைத்தால் கொழுப்பும் இதரச் சத்தும் எண்ணாக வந்துவிடுகிறது. பல சங்கங்களில் அந்தக் காலத்தில் பியூட்டிரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் விட்டு, ரப்பர் அடைப்பானைச் செருகிக் குலுக்குவார்கள். குழாய் கை பொறுக்காத சூடாகும், துணியைச் சுற்றித்தான் பிடிக்க வேண்டும். அடைப்பான் நழுவினால் சட்டையில் ஓட்டை. பிறகு கையால் சுற்றும் இயந்திரத்தில் வைத்துச் சுற்றி, குழாயின் கழுத்தில் மஞ்சளாகத் திரண்ட கொழுப்பை அளவுக்கோட்டில் படிப்பார்கள். அந்தக் கோட்டை ஒரு கோடு குறைத்துப் படித்தால் உறுப்பினருக்குக் காசு குறையும், கூட்டிப் படித்தால் சங்கத்துக்கு நஷ்டம். உங்கள் ஊரில் யார் இதைச் செய்தார் என்று விசாரியுங்கள். ஒரு மனிதரைப் பாராட்ட "அயராத உழைப்பு" என்று எழுதுவதைவிட அவர் கையில் இருந்த குழாயைக் காட்டினால் போதும்.

இப்போதைய உறுப்பினர்களைப் பற்றி எழுதும்போது ஒரு இடத்தில் சறுக்க வாய்ப்பு உண்டு. "தனியார் வண்டிக்குப் போகாமல் சங்கத்துக்கே ஊற்றும் விசுவாசிகள்" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். தனியார் விலை கூடிய மாதங்களில் உங்கள் 140 பேரில் பலர் அங்கேயும் ஊற்றியிருப்பார்கள். தீவன விலை ஏறும்போது யாரும் கணக்குப் பார்க்கத்தான் செய்வார்கள். அந்த வரி பாதிப் பேரைக் குத்தும், மீதிப் பேர் அவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். போனவர்கள் திரும்ப வந்தபோது சங்கம் அட்டையை மறுக்கவில்லை என்றால் அதைச் சொல்லலாம், அது சங்கத்துக்குப் பெருமை.

இன்னொன்று, சொந்தக் கட்டடம். அது எந்தப் பணத்தில் வந்தது என்று கணக்குப் புத்தகத்தில் பாருங்கள். மானியமா, சங்க நிதியா, இரண்டும் கலந்ததா? சங்க நிதி என்றால் நிறுவனர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி அங்கேதான் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தின் லாபம் முழுவதும் பிரித்துக் கொடுக்கப்படுவதில்லை. ஒரு பகுதி சட்டப்படி சேமநிதிக்குப் போன பிறகே போனஸும் பங்கு ஈவும். அந்த சேமநிதியில் தனி உறுப்பினருக்குப் பங்கு கிடையாது. விலகிப் போகிறவர் தான் கட்டிய பங்குத்தொகையைத்தான் திரும்ப வாங்குவார், சங்கத்தின் சொத்து எவ்வளவு வளர்ந்திருந்தாலும் அதில் ஒரு செங்கல்கூட அவருடையது ஆகாது. தனியார் கம்பெனியில் ஆரம்பத்தில் பங்கு வாங்கியவர் பணக்காரர் ஆகலாம். இங்கே ஆரம்பத்தில் சேர்ந்தவருக்கும் பின்னால் சேர்ந்தவருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். நிறுவனர்கள் விட்டுக்கொடுத்தது என்ன என்று கேட்டால் இதுதான் பதில், இதை உறுப்பினர்களுக்குப் புரியும்படி மலரில் எழுதியவர்கள் குறைவு.

கடலூர் மாவட்டச் சங்கம் என்றால் தானே புயலைத் தவிர்க்க முடியாது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் புயல் கடந்தது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அந்தத் தேதிக்கான கொள்முதல் பதிவேட்டைப் புரட்டுங்கள். அன்று பக்கம் காலியாக இருக்கும், அல்லது வழக்கத்தில் கால்வாசி லிட்டர் எழுதியிருக்கும். எதுவாக இருந்தாலும் அதையே எழுதுங்கள். எந்த நாளில் வண்டி மறுபடி வந்தது என்பதும் அடுத்த சில பக்கங்களில் தெரியும். 2015 மழை வெள்ளத்துக்கும் இப்படியே பாருங்கள். பதிவேட்டில் இல்லாத வீரத்தை நாம் சேர்க்க வேண்டாம்.

இனி மாதிரி. மலரில் படத்தோடு ஒரு பக்கம், மேடையில் படித்தால் மூன்று நிமிடத்துக்குள் முடியும். நீங்கள் சொன்ன தகவலை அப்படியே வைத்திருக்கிறேன். புள்ளியிட்ட இடங்கள் நீங்கள் பதிவேட்டைப் பார்த்து நிரப்ப வேண்டியவை. உறுதியாகாத வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், செய்தி குறையாது.

*

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி … ஆம் நாள் நம் சங்கம் பதிவு பெற்றது. பால் எடுத்த முதல் நாள் கோயில் மண்டபத்துக்குத் தூக்கோடு வந்தவர்கள் 11 பேர். அன்று சேர்ந்த பால் 38 லிட்டர்.

பதிவு மனுவில் கையெழுத்திட்டும் கைநாட்டு வைத்தும் பங்குத்தொகை கட்டியவர்கள் … பேர். பணம் பத்து நாளில் வருமா, வண்டி நாளைக்கும் வருமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாத நேரத்தில் அவர்கள் அதைச் செய்தார்கள். அவர்கள் பெயர்களும், அவர்கள் பெயரில் இருந்த அட்டையோடு தினமும் இரண்டு வேளை பால் கொண்டுவந்த வீட்டுப் பெண்களின் பெயர்களும் எதிர்ப்பக்கத்தில் உள்ளன. அவர்களில் … பேர் இன்று நம்மிடையே இல்லை. … பேர் இந்த விழாவில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

நம் சங்கத்தில் சில ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு இல்லை. அந்த ஆண்டுகளிலும் காலையும் மாலையும் சங்கம் திறந்தது. அமிலம் தெறித்த கையோடு கொழுப்புச் சத்தைப் பார்த்து எழுதிய பரிசோதகரும், அளந்தவரும், கணக்கு எழுதிய செயலாளரும், அந்தக் கணக்கை நம்பி மறுநாளும் வந்த உறுப்பினர்களும் அதற்குக் காரணம்.

தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30 அன்று நம் பதிவேட்டில் உள்ள அளவு … லிட்டர். வண்டி மறுபடி வந்தது … ஆம் தேதி. மாட்டுக்கொட்டகை சாய்ந்த வீடுகளிலிருந்தும் அன்று பால் வந்தது.

இன்று நாம் 140 பேர். ஒரு நாளைக்கு 900 லிட்டர் ஊற்றுகிறோம். நம்மில் … பேர் நிறுவனர்களின் பங்கை வாரிசாகப் பெற்றவர்கள். மற்றவர்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். இடையில் நின்றுபோய் மீண்டும் வந்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவை, ஒரே விலைப்பட்டியல், ஒரே ஓட்டு.

நாம் நிற்கும் இந்தக் கட்டடம் சங்கத்தின் சொந்த நிதியில் வந்தது. ஆண்டுதோறும் லாபத்தில் பிரித்துக்கொள்ளாமல் விட்ட பணம் அது. விட்டவர்களில் பலர் கட்டடத்தைப் பார்க்கவில்லை. விலகிப் போனவர்களும் தாங்கள் கட்டிய பங்குத்தொகையை மட்டுமே வாங்கிப் போனார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

தினமும் விடியுமுன் கறந்து கொண்டுவரும் உங்கள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

*

புயல் பத்தியின் கடைசி வாக்கியத்தை ஊரில் யாராவது நேரில் பார்த்துச் சொன்னால் மட்டும் வையுங்கள். கட்டடப் பத்தியும் அப்படித்தான். மானியத்தில் வந்தது என்றால் "சங்க நிதியோடு அரசு மானியமும் சேர்ந்து" என்று நேராக எழுதுங்கள், ஊருக்குத் தெரிந்த விஷயத்தை மூடினால் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள்.

லாபம், சேமநிதி, போனஸ் ஆகியவற்றுக்கு ரூபாய்க் கணக்கை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. போட ஆசைப்பட்டால் தணிக்கை முடிந்த ஆண்டின் எண்ணை மட்டும் போடுங்கள். தணிக்கை ஆகாத எண் மலரில் வந்துவிட்டால் அடுத்த பேரவைக் கூட்டத்தில் ஒருவர் மலரையே கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார். "இந்த ஆண்டு போனஸ் கூடும்" போன்ற வாக்குறுதியும் வேண்டாம், அது பேரவையில் முடிவாக வேண்டியது.

காலமானவர்களைக் குறிக்க "மறைந்த" என்றே எல்லோருக்கும் போடுங்கள். இந்து, இஸ்லாமியர், கிறிஸ்தவர் என்று உறுப்பினர்கள் கலந்திருக்கும் ஊரில் ஒருவருக்கு "அமரர்", ஒருவருக்கு "மர்ஹூம்" என்று போடப் போய் யாருக்கு எது என்று தடுமாற வேண்டியிருக்கும். பட்டியலின் வரிசை உறுப்பினர் எண்படியே இருக்கட்டும். அகர வரிசை, பதவி வரிசை எதை எடுத்தாலும் ஏன் அவர் மேலே என்ற கேள்வி வரும். எண் வரிசைக்கு எதிர்க்கேள்வி கிடையாது.

பெயர்களின் தலைப்பெழுத்தில்தான் அச்சில் அதிகத் தவறு வரும். பட்டியல் தயாரானதும் பெரிய எழுத்தில் அச்செடுத்து, பால் அளக்கும் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு வாரம் ஒட்டிவையுங்கள், பக்கத்தில் ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டிவிடுங்கள். திருத்தியதை வாங்கிக்கொண்டு அச்சகத்துக்குக் கொடுக்கலாம்.